மீன் ஐஸும் ஆனையிறவு உப்பும்: வெயில் ஓட்டத்துக்கு முன் உடலைக் குளிர்த்திய பதிவு

ஒட்டுசுட்டானில் தொடங்கி முத்தையன்கட்டுக் குளப் பக்கம் போய்த் திரும்பும் 10 கிலோமீற்றர் வீதியோட்டம் ஒன்றுக்கு, எங்கள் கழகத்து இளைஞர் ஒருவரின் உடலை முன்கூட்டியே குளிர்த்தி எவ்வாறு புறப்பாட்டுக் கோட்டில் நிறுத்தினோம் என்பதைச் செய்த ஒழுங்கிலேயே இங்கு எழுதுகிறேன். புறப்பாடு பிற்பகல் மூன்றரை மணி. சோளகம் வீசத் தொடங்கியிருந்த காலம். மர நிழலில் காற்றின் வெப்பம் 34 பாகை செல்சியஸ். தார் வீதிக்கு மேல் அதைவிட எவ்வளவோ கூட. களத்தில் மின்சாரம் இல்லை, குளிர்சாதனப் பெட்டியும் இல்லை. ஆகவே ஓடுபவர் புறப்படுமுன் உட்கொள்ளும், பாதி உறைந்த இனிப்பு நீரான ஐஸ் கூழை அங்கேயே, முல்லைத்தீவுக் கரையிலிருந்து வந்த மீன் ஐஸையும் ஆனையிறவுக் கல்லுப்பையும் வைத்துச் செய்ய வேண்டியிருந்தது. வன்னியில் ஓட்டப் பயிற்சி கொடுக்கும் பலருக்கும் இதே நிலைதான் என்பதால், அந்தச் செய்முறைக்கே கூடுதலான இடம் கொடுக்கிறேன்.

குளிர்ந்த தண்ணீர் போதாதா என்ற கேள்வி முதலில் வரும். ஓடும் உடல் தான் எரிக்கும் சக்தியின் பெரும்பகுதியை வெப்பமாகவே வெளிவிடுகிறது. வெயிலில் அந்த வெப்பம் முழுவதும் வெளியேற முடியாமல் உள்ளே சேர, உள்ளுடல் வெப்பம் 39 பாகையைத் தாண்டி 40ஐ நெருங்கும்போது கால்கள் தாமாகவே தளர்கின்றன. புறப்படும்போதே உள்வெப்பத்தை அரைப் பாகை இறக்கி வைத்தால், அந்த எல்லையைத் தொடுவதற்கு முன் அவ்வளவு இடம் கூடுதலாகக் கிடைக்கிறது. ஐஸின் தனிச்சிறப்பு, அது உருகுவதற்கே பெருந்தொகை வெப்பத்தை விழுங்குவதுதான். ஒரு கிராம் ஐஸ் உருக ஏறத்தாழ 334 யூல் தேவை. ஒரு கிராம் தண்ணீரை ஒரு பாகை சூடாக்க நான்கு யூலுக்குச் சற்று மேல் போதும்.

எங்கள் இளைஞரின் நிறை 56 கிலோ. கிலோவுக்கு 7.5 கிராம் என்ற கணக்கில் அவருக்கு 420 கிராம் கூழ் வருகிறது. அதில் பாதி ஐஸ், பாதி நீர் என்று வைத்துக்கொண்டால், ஐஸ் உருகுவதற்கு 70 கிலோயூலும், முழுவதும் உடல் வெப்பத்துக்கு ஏறுவதற்கு 65 கிலோயூலுமாக மொத்தம் 135 கிலோயூல் உடலிலிருந்து எடுக்கப்படும். அவருடைய உடலை ஒரு பாகை மாற்ற ஏறத்தாழ 196 கிலோயூல் வேண்டும். ஆகவே கூழ் கொடுக்கும் இறக்கம் ஏறத்தாழ 0.7 பாகை. அதே 420 கிராமை 4 பாகைத் தண்ணீராகக் குடித்தால் 0.3 பாகைதான் இறங்கும். இது தாளில் போட்ட கணக்கு மட்டுமன்று. 2010இல் வெளியான ஓர் அவுஸ்திரேலிய ஆய்வில், 34 பாகை வெப்பத்தில் ஓடிய பத்து ஆண்கள், இதே அளவு கூழை அரை மணி நேரத்தில் உட்கொண்டபோது உள்வெப்பம் 0.66 பாகையும், குளிர்ந்த தண்ணீர் குடித்தபோது 0.25 பாகையும் இறங்கின. களைத்து நிற்கும்வரை ஓடிய நேரம், தண்ணீரோடு 41 நிமிடத்துக்குக் கிட்டவாக இருந்தது, கூழோடு 50 நிமிடமாக நீண்டது.

கரைசலை முதல்நாளே வீட்டில் தயாரித்தோம். கொதித்தாறிய தண்ணீர் ஒரு லீற்றர், சீனி 60 கிராம், உப்பு கால் தேக்கரண்டி, ஒரு தேசிக்காயின் புளி. சீனி இங்கே சுவைக்காகவும் சக்திக்காகவும் மட்டும் சேர்க்கப்படுவதன்று. சீனி கலந்த நீர் ஒரேயடியாக இறுகாது; முதலில் தூய நீர்ப்பகுதி சிறு மணிகளாக உறைய, இனிப்பு மிஞ்சிய நீரில் சேர்ந்து மணிகளுக்கிடையில் திரவமாகவே நிற்கும். அதனால்தான் கூழ் கூழாக இருக்கிறது. வெறுந்தண்ணீரில் செய்தால் கல்லும் நீருமாகப் பிரிந்துவிடும். அதே காரணத்தால் ஓர் எச்சரிக்கையும் உண்டு. பாதி உறைந்த கூழில் திரவப் பகுதியின் இனிப்பு ஏறத்தாழ இருமடங்காகியிருக்கும். உறிஞ்சுகுழாயால் குடித்தால் அந்தத் தடித்த இனிப்பு நீர் முதலில் வயிற்றுக்குப் போக, ஐஸ் கோப்பையிலேயே தங்கிவிடும். குளிர்ச்சியும் கிடைக்காது, ஓடும்போது வயிறும் புரட்டும். எனவே கரண்டியால் கலக்கிக் கலக்கித்தான் கொடுக்க வேண்டும்.

ஐஸ் எங்களுக்கு மீன் ஏற்றும் கூலர்காரர் ஒருவரிடமிருந்து கட்டியாகக் கிடைத்தது. மீனுக்கென்று செய்யப்படும் ஐஸ் குடிக்கத் தக்க நீரில் உறைய வைக்கப்பட்டது என்று நம்பிக்கொள்ளக் கூடாது. அது தொட்ட தண்ணீர் ஒரு துளிகூடக் கூழில் விழாமல் பார்ப்பதுதான் இந்தச் செய்முறையின் முதல் ஒழுக்கம். கட்டியைச் சாக்கில் போட்டுச் சுற்றி, கோடரியின் பின்புறத்தால் இடித்துக் கொட்டைப்பாக்களவுத் துண்டுகளாக்கினோம். இடித்த ஐஸ் மூன்று பங்குக்குக் கல்லுப்பு ஒரு பங்கு. எங்கள் வாளிக்கு ஐஸ் மூன்று கிலோவும் உப்பு ஒரு கிலோவும் போயின. ஒரு அடுக்கு ஐஸ், அதன்மேல் ஒரு கை உப்பு என்று மாறி மாறிப் போட வேண்டும். உப்பு ஐஸை உருகச் செய்கிறது. உருகுவதற்கு வேண்டிய வெப்பத்தைக் கலவை தன்னிடமிருந்தும் சுற்றியுள்ளவற்றிடமிருந்தும் பறிப்பதால், வாளியின் வெப்பம் பூச்சியத்துக்குக் கீழே பத்துப் பதினைந்து பாகைக்கு இறங்கிவிடும். வாளியின் வெளிப்புறத்தில் வெண்ணிற உறைபனி படர்வதே அது வேலை செய்கிறது என்பதற்கு அடையாளம். படரவில்லையென்றால் உப்புக் குறைந்திருக்கிறது அல்லது ஐஸ் துண்டுகள் பெரிதாக இருக்கின்றன. ஐஸின் வேலையை வெளிக்காற்று வீணாக்காதிருக்க, வாளியைச் சுற்றி இரண்டு மடிப்புச் சாக்குக் கட்டினோம்.

கூழ் உறைவதற்கு மெல்லிய சுவருள்ள, இறுக்கமான மூடி கொண்ட எவர்சில்வர் தூக்குவாளியைத் தேர்ந்தெடுத்தோம். பிளாஸ்ரிக் கொள்கலம் வெப்பத்தை எளிதில் கடத்தாது. கரைசலை நேரே உப்பு ஐஸுக்குள் வைக்காமல், முதலில் உப்பில்லாத ஐஸுக்குள் அரை மணி நேரம் வைத்துக் குளிர்த்தினோம். அப்படிச் செய்தால் உப்பு ஐஸின் கடுங்குளிர் முழுவதும் உறைய வைக்கும் வேலைக்கே பயன்படும். பிறகு தூக்குவாளியை உப்பு ஐஸின் நடுவே இறக்கினோம். உப்பு ஐஸ் உருகி வரும் நீரை வடிக்க வேண்டியதில்லை. அந்த உப்புநீர்தான் தூக்குவாளியின் சுவரை எங்கும் ஒட்டி நின்று குளிரைக் கடத்துகிறது. ஆனால் அதன் மட்டம் மூடிக்கு மூன்று விரற்கடை கீழேயே நிற்க வேண்டும். மேலேறினால் ஒரு கோப்பை அள்ளி வெளியே ஊற்ற வேண்டும், அள்ளிய கையைக் கழுவாமல் மூடியைத் தொடக் கூடாது.

இனி வேலை கைக்குத்தான். தூக்குவாளியைக் கைபிடியில் பிடித்து இடமும் வலமுமாகத் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை மூடியைத் துடைத்துத் திறந்து, தட்டையான மர அகப்பையால் உட்சுவரை அடியிலிருந்து மேலாக வழித்துவிட வேண்டும். சுவரில்தான் முதல் ஐஸ் பிடிக்கும். அதை வழிக்காமல் விட்டால் தகடாகத் தடித்து, உள்ளேயிருக்கும் திரவத்துக்குக் குளிர் போகாமல் தடுத்துவிடும், பின்னர் வழித்தாலும் சில்லுச் சில்லாகப் பெயரும். ஒழுங்காக வழித்தால் முதல் கால் மணி நேரத்தில் ஒன்றும் நடவாததுபோல் இருக்கும். அதன்பின் திரவம் திடீரென்று கலங்கி, அகப்பையில் சொரசொரப்புத் தட்டும். நல்ல கூழின் மணிகள் ரவையளவுக்கு மேல் பெருக்கக் கூடாது. பற்களில் கடித்து உடைக்க வேண்டிய அளவென்றால் ஓட்டக்காரர் அதைக் குடிக்க மாட்டார், மென்று கொண்டிருப்பார்.

கூழ் பதமானதா என்பதை வெப்பமானி சொல்லாது. இது பலர் தவறவிடும் இடம். ஐஸும் திரவமும் சேர்ந்திருக்கும்வரை, ஐஸ் பத்து வீதமாக இருந்தாலும் எழுபது வீதமாக இருந்தாலும், வெப்பமானி பூச்சியத்துக்குச் சற்றுக் கீழேயே அசையாமல் நிற்கும். நாங்கள் தேநீர் வடிகட்டியைப் பயன்படுத்தினோம். 100 கிராம் கூழை வடிகட்டியில் போட்டு ஒரு நிமிடம் ஒழுக விட்டு, மேலே நிற்பதைச் சமையலறைத் தராசில் நிறுத்தோம். மணிகளில் ஒட்டிய ஈரமும் நிறையில் சேர்வதால், 60 கிராம் மேலே நின்றால் உண்மையான ஐஸ் பாதியளவு என்று கொண்டோம். தராசு இல்லாதவர் அகப்பையை நடுவில் நட்டுப் பார்க்கலாம். ஒரு கணம் நின்று மெல்லச் சாய்ந்தால் பதம். சாயாமல் நின்றால் இறுகிவிட்டது, உடனே விழுந்தால் இன்னும் திருப்ப வேண்டும்.

பதம் வந்ததும் தூக்குவாளியை உப்பு ஐஸுக்குள் ஒரு நிமிடம்கூட வைத்திருக்கக் கூடாது. அங்கேயே விட்டால் கல்லாகிவிடும். வெளிப்புறத்தை நல்ல தண்ணீரால் கழுவித் துடைத்து, உப்பில்லாத ஐஸ் நிரப்பிய ரெஜிபோம் பெட்டிக்குள் மாற்றினோம். சாதாரண ஐஸின் வெப்பமும் கூழின் வெப்பமும் ஏறத்தாழ ஒன்றாகவே இருப்பதால், இரண்டுக்குமிடையில் வெப்பம் நகர்வதற்கான தேவையே மிகக் குறைவு. ஒரு மணி நேரத்துக்கு மேலாகவும் கூழ் பதம் மாறாமல் நின்றது. குளிர்சாதனப் பெட்டியில் செய்து வெப்பக்குடுவையில் கொண்டுவருபவர்கள், குடுவையை முன்னதாகவே ஐஸ் தண்ணீரால் குளிர்த்தி, வாய்வரை நிரப்பி மூட வேண்டும். கூழ் மூன்றில் இரு பங்கு ஐஸாக இருக்கும்போதே நிரப்பினால், வந்து சேரும்போது பாதிக்கு நிற்கும். எங்கள் பக்கத்துப் போட்டிகளில் புறப்பாட்டு நேரம் விருந்தினரின் வருகையைப் பொறுத்தது என்பதால், களத்திலேயே செய்வதையே நான் விரும்புகிறேன். நேரம் உறுதியானபின் வாளியைத் திருப்பத் தொடங்கலாம்.

கொடுக்கும் முறைக்கு வருகிறேன். 420 கிராமை ஆறாகப் பிரித்து, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை 70 கிராம் என்று கொடுத்தோம். கடைகளில் விற்கும் 80 கிராம் யோகட் கோப்பையின் விளிம்புக்குச் சற்றுக் கீழே கூழை நிரப்பினால் 70 கிராமுக்குக் கிட்டவாக வருகிறது. தராசில் ஒருமுறை சரிபார்த்து வெளியே மையால் கோடு போட்டுவிட்டால், களத்தில் தராசே வேண்டாம். இரண்டாவது கோப்பையில் அவர் நெற்றியைப் பிடித்தார்.

"அண்ணை, நெத்தி விண்ணெண்டு இடிக்குது."

"விழுங்காத தம்பி, நாக்கில வைச்சுக் கரைய விடு. அவசரமில்ல."

அண்ணத்தில் கடுங்குளிர் சட்டெனப் படும்போது வரும் வலி அது. அரை நிமிடத்தில் போய்விடும். நாக்கை அண்ணத்தோடு ஒட்டிச் சூடாக்கினால் விரைவாகத் தணியும். வயிற்றில் கனம் தெரிகிறது என்று சொன்னால் மட்டும் அடுத்த கோப்பையைத் தள்ளிப் போட வேண்டும். எந்த வயிறும் இதை முதன்முறையாகப் போட்டியன்றே சந்திக்கக் கூடாது. அவர் முன்னரே, கடும் வெயிலில் நீண்ட ஓட்டம் ஓடும் நாட்களில், முதலில் மூன்று கோப்பை, பிறகு நான்கு, பிறகு ஆறு என்று பழகியிருந்தார்.

இனி நிழல். களத்தில் விளையாட்டு வீரர்களுக்கென்று ஒதுக்கப்பட்டிருந்தது ஒரு தகரக் கொட்டகை. நேர் வெயில் அங்கே படாது, ஆனாலும் அதற்குள் இருந்து எழுந்தவர்கள் வியர்த்து வழிந்துகொண்டே வருவார்கள். வெயிலில் காய்ந்த தகரம் தானே வெப்பத்தைக் கீழ்நோக்கிக் கதிர்ப்பதே காரணம். இதைக் கண்ணால் காட்ட, ஒரு மேசைப்பந்துக்கு மினுக்கமில்லாத கறுப்பு நிறம் பூசி, சிறு துளையிட்டு, வெப்பமானியின் குமிழை அதன் நடுவில் நிற்கச் செய்து மெழுகால் அடைத்தோம். காற்றின் வெப்பத்தோடு சேர்த்து, சுற்றிலுமிருந்து வரும் கதிர்வீச்சையும் கறுப்புப் பந்து வாங்கிக் காட்டும். பக்கத்தில் சாதாரண வெப்பமானி ஒன்றையும் தொங்கவிட்டோம். தகரத்தின் கீழ்ப் பந்து காற்றைவிட ஐந்தாறு பாகை கூடக் காட்டியது. நீலத் தறப்பாள் ஒற்றையாகக் கட்டிய இடத்தில் வேறுபாடு சற்றுக் குறைவு. வீதியோரத்து மருதமரத்தின் அடர்ந்த நிழலில் இரண்டும் ஏறத்தாழ ஒன்றாகவே நின்றன. இலைகள் தம் ஈரத்தை ஆவியாக்கித் தம்மைக் குளிர்மையாக வைத்திருப்பதால் அவை தகரத்தைப்போல் கீழே கூடுதல் வெப்பத்தைக் கதிர்ப்பதில்லை. அந்த நிழலையே தேர்ந்தெடுத்தோம். புறப்பாட்டுக் கோட்டிலிருந்து அது சற்றுத் தூரந்தான், ஆனால் நடக்கும் இரண்டு நிமிடம் பெரிதன்று.

மரம் கிடைக்காத இடத்தில் இரண்டு தறப்பாள்களை ஒரு சாண் இடைவெளி விட்டு ஒன்றன்மேல் ஒன்றாகக் கட்ட வேண்டும். மேலுள்ளது வெயிலை வாங்கிச் சூடாக, இடையில் காற்று ஓடி அதைக் கொண்டுபோக, கீழுள்ளது சூடேறாமல் நிற்கும். மேலே நாலு கிடுகு போட முடிந்தால் இன்னும் நல்லது. காற்று வரும் பக்கத்தை ஒருபோதும் மறைக்கக் கூடாது. தரையையும் மறந்துவிடக் கூடாது. கிரவல் நிலம் நண்பகலிலிருந்து வாங்கிய வெப்பத்தை மாலைவரை மேலே விட்டுக்கொண்டிருக்கும். நாங்கள் ஒரு மணி நேரம் முன்னதாகவே அந்த இடத்துக்குத் தண்ணீர் தெளித்து, நனைத்த சாக்கு விரித்து, அதன்மேல் மரவாங்கைப் போட்டோம். நிலத்தில் நேரே படுக்க விடவில்லை.

துவாய்களுக்குத் தனி வாளி. இதை அழுத்திச் சொல்ல வேண்டும்: உப்பு ஐஸ் வாளிக்குள் ஒருபோதும் துவாயைத் தோய்க்கக் கூடாது. அந்த நீர் பூச்சியத்துக்குக் கீழே வெகுவாகப் போயிருப்பதால், நனைத்த துவாய் தோலை உறைய வைத்துக் காயப்படுத்திவிடும். நாங்கள் உப்பு வாளியின் கைபிடியில் சிவப்புத் துணி கட்டி, அதை வேறு பக்கத்தில் வைத்தோம். துவாய் வாளியில் தண்ணீரும் மீன் ஐஸும் மட்டுமே. வாயில் போகாததால் இந்த வேலைக்கு மீன் ஐஸ் போதும். தடித்த துவாய்கள் பாரமானவை, உட்புறம் நனைய நேரம் எடுக்கும். மெல்லிய பருத்தித் துவாய்களே நல்லவை. ஆறு வைத்திருந்தோம், மூன்று உடலில் இருக்கும்போது மூன்று வாளியில் குளிர்ந்துகொண்டிருக்கும். ஒன்று தலையையும் பிடரியையும் மூட, ஒன்று நெஞ்சில், ஒன்று முதுகில். ஓடும் கால்கள் விறைக்கக் கூடாது என்பதால் தொடையிலும் கெண்டைக்காலிலும் போடவில்லை.

துவாயை எப்போது மாற்றுவது என்பதில்தான் பலன் முழுவதும் இருக்கிறது. இரண்டு நிமிடம் சென்றதும் துவாயின் ஓரத்தைத் தூக்கி, தோலில் பட்டிருந்த பக்கத்தைப் புறங்கையால் தொட்டுப் பார்க்க வேண்டும். குளிர் தெரியவில்லையென்றால் அது இனிக் குளிர்த்தும் துணியன்று. வியர்வை ஆவியாவதைத் தடுக்கும் போர்வை. அதை எடுத்துவிட்டுப் புதிதைப் போட வேண்டும். சோளகத்தின் வறண்ட காற்றில் துவாயின் நீர் விரைவாக ஆவியாகித் தானும் குளிர்ச்சி கொடுப்பதால் மூன்று நிமிடம்வரை தாங்கியது. சித்திரை மாதத்தில், சூரியன் வன்னிக்கு நேர் உச்சியில் நிற்க, காற்றும் அசையாமல் ஈரப்பதமும் கூடியிருக்கும்போது, அதே துவாய் ஒன்றரை நிமிடத்தில் வெதுவெதுப்பாகிவிடும். அக்காலத்துக்கு வெளிக்குளிர்ச்சியைவிடக் கூழையே கூடுதலாக நம்ப வேண்டும்.

போடுமுன் துவாயை நன்றாக முறுக்கிப் பிழிய வேண்டும். பிழியாமல் போட்டால் நீர் வழிந்து சப்பாத்துக்குள் இறங்கும். நனைந்த காலுறையோடு 10 கிலோமீற்றர் ஓடினால் கொப்புளம் நிச்சயம். உடலில் மயிர்க்கூச்செறிந்தாலோ நடுங்கத் தொடங்கினாலோ துவாய்களை உடனே எடுத்துவிட வேண்டும். நடுக்கம் என்பது தசைகள் வெப்பத்தை உண்டாக்கும் வேலை. நாம் எடுத்ததை அது திருப்பிப் போட்டுவிடும்.

அன்றைய நேர ஒழுங்கு இப்படி அமைந்தது. இரண்டு மணிக்கு நிழலுக்கு வந்தோம். இரண்டு இருபதுக்கு, மர நிழல் விழும் வீதித் துண்டில் பத்து நிமிட மெல்லோட்டம். வழக்கமான உடல்சூடேற்றத்தில் பாதிதான் அது. 10 கிலோமீற்றர் ஓடுபவருக்கு வெயில் நாளில் தசைகள் சூடாவதற்குப் பெரிய முயற்சி தேவையில்லை, அரை மணி நேரம் வெயிலில் சூடேற்றினால் கூழ் எடுக்கப்போகும் வெப்பத்தை முன்கூட்டியே சேர்த்ததாகிவிடும். இரண்டு நாற்பதுக்கு முதல் கோப்பை, கூடவே துவாய்கள். கடைசிக் கோப்பை மூன்று ஐந்துக்கு முடிந்து, பத்து நிமிட ஓய்வு, பிறகு நாலைந்து விரைவுப் பாய்ச்சல்கள், மூன்றரைக்குப் புறப்பாடு என்பதே திட்டம்.

மூன்றாவது கோப்பை முடிந்த நேரத்தில் பிரதம விருந்தினர் இன்னும் வந்து சேரவில்லை, புறப்பாடு தாமதமாகும் என்று ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். முன்குளிர்த்தலின் பலன் நிலையானதன்று. வெயிலில் நின்றுகொண்டிருந்தால் இருபது முப்பது நிமிடத்துக்குள் அதன் பெரும்பகுதி கரைந்துவிடும். ஆகவே மூன்று கோப்பையோடு கூழை நிறுத்தினோம், மீதியைப் பெட்டிக்குள் அப்படியே வைத்தோம், துவாய்களை மட்டும் இடைவிட்டுத் தொடர்ந்தோம். நடுவர்களோடு ஒருவர் நின்று, அணிவகுப்பு அழைப்புக்கு இன்னும் கால் மணி நேரம் இருக்கிறது என்று கையசைத்தபின் மற்ற மூன்று கோப்பைகளையும் கொடுத்தோம். மொத்த அளவைக் கூட்டவில்லை. இதைவிட ஏறத்தாழ இரு மடங்கு கூழை, ஐஸ் துவாய்களோடு சேர்த்துச் சைக்கிள் வீரர்களுக்குக் கொடுத்துப் பயன்கண்ட ஆய்வும் உண்டு. ஆனால் சைக்கிளில் இருப்பவரின் வயிறு குலுங்குவதில்லை. கோட்டுக்கு நடக்கும்போதும் தலையில் ஒரு துவாயும் மேலே ஒரு குடையும் இருந்தன. துப்பாக்கி வெடிப்பதற்கு முந்திய நிமிடத்தில்தான் அவற்றை வாங்கிக்கொண்டோம்.

உள்வெப்பம் உண்மையில் எவ்வளவு இறங்கியது என்பதைக் களத்தில் அளக்க முடியாது. கூழ் குடித்த வாயில் வைத்த வெப்பமானி வாயின் குளிரைக் காட்டும். துவாய் போட்ட உடம்பின் கமக்கட்டும் அப்படியே. நெற்றியில் காட்டும் கருவியும் தோலையே அளக்கிறது. அந்த எண்களை நம்பி இன்னொரு கோப்பை கொடுப்பதோ நிறுத்துவதோ ஆபத்தானது. கிலோவுக்கு 7.5 கிராம் என்ற அளவையும் நடுக்கம், வயிற்றுக் கனம் என்ற அடையாளங்களையுமே நம்பினோம்.

ஓட்டத்தில் கவனிக்க வேண்டிய பெரிய ஆபத்து முதல் இரண்டு கிலோமீற்றரில் இருக்கிறது. குளிர்ந்த தோலும் குளிர்ந்த வாயும் வெயிலே இல்லை என்று மூளைக்குச் சொல்லும். கால்கள் தம் தகுதிக்கு மேல் போகும். மேலே சொன்ன ஆய்விலேயே, கூழ் குடித்தவர்கள் கூடுதல் நேரம் ஓடி, நிற்கும் கட்டத்தில் கூடுதல் உள்வெப்பத்தோடும் இருந்தார்கள். அதாவது கூழ் எல்லையைச் சற்றுத் தள்ளி வைக்கிறது, எல்லைக்கு அப்பாலும் போகத் தூண்டுகிறது. அதனால் எங்கள் இளைஞருக்குக் கொடுத்த கட்டளை ஒன்றே: முதல் இரண்டு கிலோமீற்றரையும் ஒவ்வொன்றும் மூன்று நிமிடம் ஐம்பது செக்கனுக்குக் குறையாமல் ஓட வேண்டும், முன்னால் யார் போனாலும் சரி. அவர் கடிகாரத்தைப் பார்த்து அப்படியே ஓடினார். வழக்கமாக இத்தகைய வெயிலில் ஏழாவது கிலோமீற்றருக்குப் பிறகு அவருடைய தோள்கள் உயர்ந்து, அடி குறுகிவிடும். அன்று அந்தத் தளர்ச்சி ஒன்பதாவது கிலோமீற்றரில்தான் தெரிந்தது. காற்றும் பாதையும் நாளுக்கு நாள் மாறுவதால், முழுவதையும் கூழின் கணக்கில் எழுத நான் துணியமாட்டேன்.

இது நீண்ட ஓட்டங்களுக்கு மட்டுமான முறை. 5000 மீற்றர், 10 கிலோமீற்றர், அரை மரதன் போன்றவற்றுக்குப் பொருந்தும். அரை மணி நேரம் நடக்கும் வேகநடைக்கும் பொருந்தும். 100, 200, 400 மீற்றர் ஓடுபவர்களுக்கும் பாய்பவர்களுக்கும் கொடுக்கக் கூடாது. அவர்களுடைய தசைகள் சூடாக இருக்கும்போதுதான் விரைவாகச் சுருங்கும். அவர்களுக்கு உள்வெப்பம் ஏறி நிற்கும் அளவுக்கு ஓட்டம் நீளுவதுமில்லை. அவர்களுக்கு நல்ல நிழலும் குடிக்கத் தண்ணீரும் போதும்.

மிஞ்சிய மீன் ஐஸை வீசிவிடாமல் முடிவுக் கோட்டுக்குக் கொண்டுபோனோம். ஒரு தறப்பாளை நிலத்தில் விரித்து, நான்கு ஓரத்தையும் தூக்கிப் பிடித்தால் ஒருவரைக் கிடத்தக்கூடிய தொட்டியாகும். அதற்கு வேண்டிய தண்ணீரை இரண்டு பெரிய கொள்கலங்களில் நிரப்பி, ஐஸைப் பக்கத்தில் வைத்திருந்தோம். முன்குளிர்த்தவர் வெப்பத் தாக்குக்கு ஆளாக மாட்டார் என்று எண்ணக் கூடாது. ஓடி முடித்தவர் தடுமாறினால், கேட்ட கேள்விக்குப் பொருத்தமில்லாமல் பதில் சொன்னால், மயங்கினால், உடனே தலையை உயர்த்திப் பிடித்துக் கழுத்துவரை அந்த ஐஸ் நீருக்குள் கிடத்தி, தண்ணீரை உடல்மேல் அலைத்துக்கொண்டே இருக்க வேண்டும். அம்புலன்ஸை அழைப்பதும் அதே நேரத்தில் நடக்க வேண்டும், ஆனால் குளிர்த்துவதை அதற்காக நிறுத்தக் கூடாது. மயங்கியவருக்கு வாயில் எதையும் ஊற்றக் கூடாது, கூழையும்தான். இந்த வேலைக்குரிய இருவரை ஓட்டம் தொடங்குமுன்னரே பெயர் சொல்லி நிறுத்தியிருந்தோம். கடைசி ஓட்டக்காரர் வந்து சேரும்வரை அவர்கள் தொட்டியை விட்டு அசையவில்லை.